உப்பு தங்கும் இடம்

எங்கள் தெரு முடிகிற இடத்தில் கடல். பால்கனிக்கு எவர்சில்வர் கைப்பிடிக் கம்பி போட்டுப் பத்து வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கேட்டார்: "ஏன் தம்பி, மழையில நனையுற மேல்பக்கம் பளபளன்னு இருக்கு, மழையே படாத அடிப்பக்கம்தான் துரு ஏறிக் கிடக்கு. தலைகீழா இருக்கே?" கையை நீட்டி அடிப்பக்கத்தைத் தடவிக் காட்டினார். விரல் நுனியில் காபிப்பொடி போல ஒரு பழுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது.

ஆலைகளில் குழாய்களையும் தொட்டிகளையும் சோதிப்பதுதான் முப்பது வருடமாக என் வேலை. துருவேறாத எஃகு எப்படி வீணாகிறது என்று என்னிடம் கேட்டவர்களில், இவ்வளவு சரியான இடத்தில் விரல் வைத்துக் கேட்டவர் குறைவு. எவர்சில்வரைக் கெடுப்பது உப்புத் தண்ணீர் படுவது அல்ல. உப்பு போகாமல் ஒரே இடத்தில் தங்குவது. அந்தக் கம்பியின் அடிப்பக்கத்தில் நடப்பதும், 1985-இல் சுவிட்சர்லாந்தில் ஒரு நீச்சல்குளத்தின் உட்கூரையைக் கீழே தள்ளி 12 பேரைக் கொன்றதும் ஒரே நோய்தான்.

எவர்சில்வர் என்று நாம் சொல்வது இரும்புதான். அதில் குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு குரோமியம் கலந்திருக்கும். நல்ல பாத்திரத்தில் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் இருக்கும். இதைத்தான் கடைக்காரர் 304 என்கிறார். காற்று பட்டவுடன் குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு தோல் போர்த்திக்கொள்கிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். தலைமுடியை நீளவாக்கில் பல ஆயிரம் தடவை பிளந்தால் ஒரு பிளவு அந்த அளவுக்கு வரலாம். கரண்டி உரசிக் கீறினாலும் ஆக்சிஜன் கிடைக்கிற வரை அந்த இடத்தில் நொடிப்பொழுதில் புதுத் தோல் வளர்ந்துவிடும். எவர்சில்வரின் பலம் முழுவதும் இந்தத் தானாக ஆறும் தோல்தான். அதன் எதிரி குளோரைடு. சாப்பாட்டு உப்பிலும், கடல் காற்றிலும், போர்வெல் தண்ணீரிலும், பிளீச்சிங் பவுடரிலும், கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டிலும் இருப்பது அது.

முதலில் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். உருளைக்கிழங்கு வேகவைக்கப் பச்சைத் தண்ணீரில் கல் உப்பை அள்ளிப் போடுகிறோம். உப்பு கரையாமல் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது உட்கார்ந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கெட்டியான உப்புக் கரைசலாகிவிடும். கீழே அடுப்புச் சூடு. சில மாதத்தில் பாத்திரத்தின் அடியில் குண்டூசி முனை அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அவை கறை அல்ல, குழிகள். தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கிளறிவிட்டால் இது வராது. அதே உப்பு, அதே பாத்திரம். தங்க விடவில்லை, அவ்வளவுதான். உப்பையும் ஊறுகாயையும் நம் பாட்டிமார் பீங்கான் ஜாடியில் வைத்ததும் எவர்சில்வருக்கு மிகவும் பொருத்தமான வழக்கம்.

அந்தக் குழிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற இரண்டும் தானாகப் புரிந்துவிடும். எஃகை வார்க்கும்போது அதற்குள் மாங்கனீசும் கந்தகமும் சேர்ந்த நுண்ணிய துணுக்குகள் தங்கிவிடுகின்றன. துணுக்கு இருக்கிற இடத்தில் மேல்தோல் சற்றுப் பலவீனம். குளோரைடு அங்கே புகுந்து தோலைக் கிழிக்கிறது. அடியிலிருக்கும் உலோகம் கரையத் தொடங்குகிறது. குழிக்குள் இருக்கிற கொஞ்சம் ஆக்சிஜனும் தீர்ந்துபோக, தோல் மறுபடி வளர வழியில்லை. கரைந்த உலோகம் நேர்மின்னூட்டத்தோடு இருப்பதால் வெளியிலிருந்து மேலும் குளோரைடை உள்ளே இழுக்கிறது. உலோகக் குளோரைடு தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. வெளியே நாம் குடிக்கிற தண்ணீராகவே இருக்கலாம். குழிக்குள் எலுமிச்சைச் சாற்றைவிடக் காரமான அமிலம் ஊறிக்கொண்டிருக்கும். வெளியே பளபளக்கிற பரப்பு முழுவதும் அந்த ஒரு புள்ளியிலிருந்து மின்னணுக்களை இழுத்துக்கொண்டே இருக்கும். பெரிய பரப்பின் பசிக்குச் சிறிய குழி மட்டும் இரையாவதால்தான் அது பக்கவாட்டில் பரவாமல் நேராக ஆழம் போகிறது. மேலே ஊசித்துளை, உள்ளே குடத்தின் வயிறு. 3 மில்லிமீட்டர் தகட்டுத் தொட்டியின் எடையில் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது, ஆனால் ஒழுகும். இதைத்தான் பட்டறைக்காரர்கள் பிட்டிங் என்கிறார்கள், பாடப்புத்தகம் குழி அரிப்பு என்கிறது.

இதைத் தடுக்க இரண்டு கைகள் உண்டு. ஒன்று, தண்ணீருக்கு ஏற்ற எஃகு. 316 என்ற ரகத்தில் கூடுதலாக 2 முதல் 3 பங்கு மாலிப்டினம் இருக்கும். குழியைத் தடுப்பதில் ஒரு பங்கு மாலிப்டினம் மூன்று பங்குக்கும் மேலான குரோமியத்துக்குச் சமம் என்பது எங்கள் துறையில் எல்லாரும் கையாளும் கணக்கு. சாதாரண வெப்பத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு வரை 304, ஆயிரம் வரை 316 என்று பொறியாளர்கள் ஒரு வழிகாட்டு எல்லை வைத்துக்கொள்வார்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் குளோரைடின் விரும்பத்தக்க எல்லை 250, வேறு வழியில்லையென்றால் ஆயிரம் வரை அனுமதி. ஆக, மனிதர் குடிக்கலாம் என்று சொல்லப்பட்ட தண்ணீரே ஒரு 304 தொட்டிக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கடலோர ஊர்களில் போர்வெல் தண்ணீரைச் சோதித்துப் பார்க்காமல் எவர்சில்வர் தொட்டி வாங்குவது அதனால்தான் தவறு. கடல் தண்ணீரில் குளோரைடு சுமார் 19,000 மில்லிகிராம். அங்கே 316-ம் தாங்காது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று கடையில் காட்டுவார்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 என்ற மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. குழியை எதிர்ப்பதில் அது 304-க்குக் கீழே. மறுபக்கம், வெந்நீர்த் தொட்டிகளுக்குப் பயன்படும் 444 என்ற ரகத்தில் காந்தம் நன்றாக ஒட்டும். மாலிப்டினம் இருப்பதால் அது 316-க்கு இணையாக நிற்கும். காந்தத்தை வைத்து இதில் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. பில்லில் ரகத்தின் எண்ணை எழுதி வாங்குங்கள்.

இன்னொரு கை, உப்பைத் தங்க விடாமல் இருப்பது. அக்கா வீட்டுக் கம்பிக்கு நான் சொன்னது இதைத்தான். கடல் காற்று கொண்டுவரும் உப்பு மேலும் கீழும் படிகிறது. மேலே படிந்ததை மழை கழுவிவிடுகிறது. கீழே படிந்தது இரவு ஈரத்தில் கரைந்து, பகலில் காய்ந்து, நாளுக்கு நாள் கெட்டியாகிறது. மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் மென்மையான துணியை நனைத்து அடிப்பக்கத்தைத் துடைத்து, நல்ல தண்ணீர் விட்டால் போதும். இரும்பு நாரால் தேய்க்கக் கூடாது. அதன் துணுக்குகள் பதிந்து அவையே துருப்பிடிக்கும். வீட்டில் டைல்ஸ் ஒட்டிய பிறகு கொத்தனார் ஆசிட் வாஷ் செய்வார் அல்லவா, அதன் ஆவி பட்டாலே சமையலறைச் சிங்க்கும் கதவுக் கைப்பிடியும் இரண்டே நாளில் பழுப்பாகிவிடும். அந்த வேலை முடிகிற வரை எவர்சில்வரைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவையுங்கள், முடிந்ததும் கழுவிவிடுங்கள்.

குழியாவது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வரும். இடுக்கில் வருவது தெரியாது. பல வருடங்களுக்கு முன் கடலோரத்தில் ஒரு ஆலையில் தண்ணீர்க் குழாயின் இணைப்பு கசிகிறது என்று கூப்பிட்டார்கள். குழாய் பார்க்கப் புதிதுபோல இருந்தது. போல்ட்டுகளைக் கழற்றி இரண்டு பிளேஞ்சையும் பிரித்தபோது, நடுவிலிருந்த நார் கேஸ்கெட் வாடையோடு நனைந்து வந்தது. கேஸ்கெட் அழுந்தியிருந்த வளையம் முழுவதும் எலி கடித்த தேங்காய்போலக் குதறியிருந்தது. அந்த வளையத்துக்கு இரண்டு விரல்கடை தள்ளி, தண்ணீர் நாளெல்லாம் ஓடிய இடத்தில், என் முகம் தெரிந்தது.

தண்ணீர் நுழைய முடியும், ஆனால் வெளியே போக முடியாது என்கிற அளவுக்கு ஒடுங்கிய சந்துதான் ஆபத்து. காகிதம் நுழைகிற சந்தைவிடக் குறுகலானது. வாஷருக்கு அடியில், கேஸ்கெட்டுக்கு அடியில், முழுதாக வெல்டிங் செய்யாமல் ஒட்டுப்போட்ட இடத்தில், படிந்த சேற்றுக்கு அடியில், குழாயில் ஒட்டிய ஸ்டிக்கருக்கு அடியில்கூட இது உண்டு. உள்ளே நிற்கிற சொட்டுத் தண்ணீரின் ஆக்சிஜனைத் தோலே மெல்ல மெல்லத் தின்று தீர்த்துவிடும். அதன்பின் குழியில் நடந்ததேதான் இங்கும்: குளோரைடு குவிகிறது, அமிலம் ஊறுகிறது, ஒரு கட்டத்தில் தோல் முழுதாகச் சரிகிறது. குழி பிறக்க எஃகில் ஒரு பலவீனப் புள்ளி வேண்டும். இடுக்குக்கு அதுவும் வேண்டாம், இடுக்கே குழியின் வேலையைச் செய்துவிடுகிறது. அதனால்தான் திறந்த பரப்பில் தாங்குகிற எஃகு, இடுக்கில் அதே தண்ணீரில் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே தோற்றுவிடும். வாரங்களோ மாதங்களோ எதுவும் தெரியாது, தொடங்கிவிட்டால் வேகம்.

அந்த ஆலையில் நாங்கள் செய்தது இவைதான். தண்ணீரை உறிஞ்சும் நார் கேஸ்கெட்டை எடுத்துவிட்டு, உறிஞ்சாத டெஃப்லான் வகைக்கு மாறினோம். பிளேஞ்சை நீக்க முடிந்த இடத்தில் நீக்கி, உள்வரை முழுதாக ஊடுருவும் வெல்டிங் போட்டோம். வெல்டிங்கின் நீலநிற வெப்பத் தழும்பை அமிலப் பசையால் நீக்கினோம், ஏனென்றால் அந்தத் தழும்புக்குக் கீழே குரோமியம் குறைந்திருக்கும். நீக்க முடியாத இடங்களில் டூப்ளெக்ஸ் என்ற வலுவான ரகத்துக்குப் போனோம். இன்னொன்று, பல ஆலைகள் புதிதாகவே தவறுகிற இடம்: குழாய் போட்டதும் கசிவு பார்க்கத் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுப்பார்கள். சோதனை முடிந்ததும் தண்ணீரை வடிக்காமல் மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். தாழ்வான வளைவுகளில் நின்ற தண்ணீர் ஆவியாகிக் கெட்டியாகி, ஆலை தொடங்கும் முன்பே குழாய் ஓட்டையாகியிருக்கும். அந்தச் சோதனைக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இல்லாத தண்ணீர் வேண்டும் என்பது வழக்கமான விதி. அதைவிட முக்கியம், முடிந்த உடனே வடித்துக் காயவைப்பது.

மூன்றாவது வகைதான் என்னை இன்னும் தூங்க விடாதது.

சூரிச் நகருக்குப் பக்கத்தில் உஸ்டர் என்ற ஊர். அங்கே 1972-இல் திறந்த உள்ளரங்க நீச்சல்குளத்தில், மேற்கூரைக்குக் கீழே ஒரு கான்கிரீட் உட்கூரையைத் துருவேறாத எஃகுக் கம்பிகளில் தொங்கவிட்டிருந்தார்கள். 1985 மே 9 அன்று அந்த உட்கூரை குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தது. 12 பேர் இறந்தார்கள். கம்பிகள் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் வகையைச் சேர்ந்தவை. நம் வீட்டுப் பாத்திரத்தின் எஃகுதான். துரு தின்று மெலிந்ததால் அவை அறுபடவில்லை. தடிமன் குறையாமலே, குறுக்கே கண்ணாடிபோல ஒடிந்திருந்தன.

இழுவை, குளோரைடு, ஒரு பலவீன இடம், இந்த மூன்றும் சேர்ந்தால் குழியின் அடியிலிருந்து ஒரு விரிசல் கிளம்பும். விரிசலின் நுனியில் அமிலம். அதன் பக்கச் சுவர்களில் தோல் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆனால் நுனியை இழுவிசை பிளந்துகொண்டே இருப்பதால் அங்கே மட்டும் தோல் கூடாது. எனவே விரிசல் ஒரு கோடாக முன்னேறுகிறது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் மரத்தின் வேர்போல, மின்னல்போலக் கிளைவிட்டுப் பிரிந்திருக்கும். இந்தக் கிளைகளைப் பார்த்த உடனே வேறு எதையும் கேட்காமல் குளோரைடு என்று நாங்கள் சொல்லிவிடுவோம். பொறியியல் பாடத்தில் இதற்குத் தகைவு அரிப்பு விரிசல் என்று பெயர்.

இழுவிசை என்றால் எடை தொங்க வேண்டும் என்பதில்லை. வெல்டிங் ஆறும்போதும், கம்பியைச் சூடாக்காமல் வளைக்கும்போதும், திருகுமரை உருட்டும்போதும் எஃகுக்குள் ஒரு இழுப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும். யாரும் எதையும் தொங்கவிடாத தொட்டியும் விரிசல் விடுவதற்கு அதுவே காரணம்.

அதுவரை எல்லாரும் நம்பியது, 304-இல் இந்த விரிசல் வர ஏறத்தாழ 60 டிகிரி வெப்பம் வேண்டும் என்பது. ஆலைகளில் அதற்கு நிறைய அனுபவச் சான்று இருந்தது: வெப்பம் தாங்கும் போர்வைக்கு அடியில் மழைத்தண்ணீர் நுழைந்து, சூடான குழாய்மேல் ஆவியாகி உப்பைச் சேர்த்துவைத்து, வெளிப்பக்கத்திலிருந்து விரிசல் விடும். ஆனால் உஸ்டரில் குளத்துக் காற்று நம் ஊர் மாலை வெயில் அளவுக்குத்தான் சூடு. அங்கே எப்படி வந்தது?

இதற்கு விடை குளிப்பவர்களின் வியர்வையில் இருந்தது. குளத்தில் கிருமி கொல்லப் போடும் குளோரின், வியர்வையிலும் சிறுநீரிலும் இருக்கிற நைட்ரஜன் சேர்மங்களோடு சேர்ந்து குளோராமின் என்ற ஆவியாகும் பொருளாகிறது. நீச்சல்குளத்தில் மூக்கை உறுத்தும் வாசனை அதுதான். அது மேலே ஏறி, கூரையின் இடைவெளியில் கம்பிகள்மேல் படிந்து, குளோரைடாகிறது. சாதாரண உப்பு, காற்றில் ஈரம் 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் காய்ந்துவிடும், காய்ந்தால் தீங்கில்லை. ஆனால் மக்னீசியம், கால்சியம் குளோரைடுகள் 30 விழுக்காட்டை ஒட்டிய ஈரத்திலும் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். பார்க்கக் காய்ந்தது போலிருக்கிற கம்பியின் மேல், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய, மிகக் கெட்டியான குளோரைடுக் கரைசல் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. அமிலத்தன்மையோடு அந்தக் கெட்டிக் கரைசல் சேர்ந்தால் 30 டிகிரியே போதும்.

நீச்சல்குளத்துக்குள் இறங்கும் ஏணியும் பெரும்பாலும் துருவேறாத எஃகுதான். நாளெல்லாம் தண்ணீரில் நனைந்து கழுவப்படுவதால் அது நன்றாக இருக்கும். யாரும் கழுவாத, தண்ணீரே படாத மேலிடத்துக் கம்பிதான் ஒடிந்தது. அக்கா கேட்ட கேள்விக்கு இதுதான் முழு விடை.

உஸ்டருக்குப் பிறகும் பாடம் முழுதாக இறங்கவில்லை. 2011-இல் நெதர்லாந்தின் டில்பர்க் நகர நீச்சல்குளத்தில், ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த துருவேறாத எஃகு போல்ட்டுகள் விட்டுப்போய் அது கீழே விழுந்தது. ஒரு குழந்தை இறந்தது.

இதைத் தடுக்க 316-க்கு மாறினால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. குழிக்கு உதவும் மாலிப்டினம் இந்த விரிசலுக்குப் பெரிதாக உதவுவதில்லை. நிக்கல்தான் இங்கே முக்கியம்: 8 முதல் 12 பங்கு நிக்கல் இருக்கும் எஃகு மிகவும் பலவீனம், துரதிர்ஷ்டவசமாக அன்றாட ரகங்கள் எல்லாம் அந்த அளவில்தான் இருக்கின்றன. நிக்கல் அறவே இல்லாத வகையும், 40 பங்கைத் தாண்டிய வகையும் தாங்கும். நடுவில் டூப்ளெக்ஸ் ஒரு நல்ல இடம் பிடிக்கிறது. சூடான குழாய்களுக்கும் தொட்டிகளுக்கும் அதைத்தான் பெரும்பாலும் பரிந்துரைக்கிறேன். வெப்பப் போர்வை போர்த்தும் முன் எஃகுக்குப் பெயிண்ட் அடிப்பதும், அலுமினியத் தாள் சுற்றுவதும் பழைய, பலன் தரும் முறைகள். எஃகை 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி உள்ளிழுப்பை நீக்குவது சிறிய பொருளுக்குச் சரி, கட்டிடத்துக்கு நடக்காது. நீச்சல்குளத்தின் கூரையில், கழுவ முடியாத இடத்தில் பாரம் தாங்கும் கம்பிக்கு ஐரோப்பிய விதி மூன்றே மூன்று எஃகை அனுமதிக்கிறது: 1.4529, 1.4547, 1.4565. மூன்றும் மாலிப்டினமும் நைட்ரஜனும் அதிகம் சேர்ந்த, விலை கூடிய ரகங்கள். டூப்ளெக்ஸுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

கடலோர விடுதி ஒன்றின் உள்ளரங்கக் குளத்தைப் போன வருடம் பார்க்கப் போனேன். கீழே எல்லாம் பளபளப்பு. உட்கூரையில் ஒரு பலகையை எடுத்து டார்ச் அடித்தேன். தொங்கு கம்பிகளின் நட்டுகளுக்குக் கீழே, மெழுகு வழிந்ததுபோல, பழுப்புக் கோடுகள். சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தூவினோம். ஒரு கம்பியில் தலைமுடி போன்ற ஒரு சிவப்புக் கோடு பொடிக்குள் ஊறி வந்தது. கோடு வராத கம்பிகளும் இருந்தன. ஆனால் நட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் விரிசலைச் சாயம் காட்டாது. அவை தப்பின என்று நான் எழுதிக்கொடுக்கவில்லை. எல்லாக் கம்பிகளையும் மாற்றும் வரை குளத்தை மூடும்படி எழுதிக் கொடுத்தேன். மேலாளர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, வாசலில் கயிறு கட்டச் சொன்னார்.